பில்லோடு தரும் குலுக்கல் கூப்பன்: தேதியை அச்சிட்டால் மட்டும் போதுமா?

வாசகர் கடிதம்

வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். மயிலாடுதுறையில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். காரைக்காலில் ஒரு கிளை உண்டு. வருகிற தீபாவளிக்கு ஆயிரம் ரூபாய்க்குத் துணி எடுத்தால் ஒரு குலுக்கல் கூப்பன், மூவாயிரத்தைத் தாண்டினால் ஒரு ஸ்கிராட்ச் கார்டு என்று திட்டமிட்டிருக்கிறோம். முதல் பரிசு ஸ்கூட்டர். கூப்பனில் "குலுக்கல் தேதி பின்னர் அறிவிக்கப்படும். நிபந்தனைகளுக்கு உட்பட்டது. நிர்வாகத்தின் முடிவே இறுதியானது" என்று போட்டிருக்கிறேன். அச்சகத்தில் ப்ரூஃப் தயாராக இருக்கிறது.

போன பொங்கலுக்கும் இப்படித்தான் நடத்தினோம். அதில் மூன்றாம் பரிசாக மிக்சி விழுந்த பெண்மணி செம்பனார்கோவில் பக்கத்துக் கிராமத்தைச் சேர்ந்தவர். சித்திரை மாதம்தான் வந்து கேட்டார். ஒரு மாதக் கெடு முடிந்துவிட்டது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டோம். அந்தக் கெடுவைக் கடைப் பலகையில் எழுதியிருந்தோம், கூப்பனில் இல்லை. இப்போது அவரிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. இனி இப்படித் தகராறு வராதபடி வாசகத்தைத் திருத்தித் தர முடியுமா? தமிழ்நாட்டில் ஏதும் சிக்கல் என்றால் குலுக்கலைக் காரைக்காலில் வைத்துக்கொள்ளலாமா? ஊரில் எல்லாக் கடைகளிலும் நடப்பதுதானே இது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், மயிலாடுதுறை

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

முதலில் அச்சகத்துக்குச் சொல்லி வேலையை நிறுத்துங்கள். வாசகத்தைத் திருத்தித் தருகிறேன். ஆனால் நீங்கள் வைத்திருக்கும் திட்டத்துக்கு எவ்வளவு நல்ல வாசகம் எழுதினாலும் அது உங்களைக் காப்பாற்றாது. குறை வாசகத்தைவிடத் திட்டத்தில்தான் அதிகம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் 1979ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டம் நடப்பில் இருக்கிறது: தமிழ்நாடு பரிசுத் திட்டங்கள் (தடை) சட்டம். கடைக்காரர்களில் பெரும்பாலோர் இதன் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. ஒரு கடையில் பொருள் வாங்கியவர்களிலிருந்து சீட்டு எடுத்தோ, குலுக்கியோ, வேறு எந்த வழியிலோ சிலரைத் தேர்ந்தெடுத்து அவர்களுக்குப் பணமோ பொருளோ பரிசாகத் தருவதைத்தான் இந்தச் சட்டம் பரிசுத் திட்டம் என்கிறது. அப்படிப்பட்ட திட்டத்தை நடத்துவதைத் தண்டனைக்குரிய குற்றமாகவும் ஆக்குகிறது. ஆயிரம் ரூபாய்க்குத் துணி எடுத்தவருக்குக் கூப்பன், பிறகு குலுக்கல் என்ற உங்கள் திட்டம் அந்த வரையறைக்குள் அப்படியே வந்து உட்காருகிறது.

இது பழைய சட்டம், யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். அகில இந்திய நிறுவனங்கள் நடத்தும் பரிசுப் போட்டிகளின் நிபந்தனைகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பலவற்றில் "தமிழ்நாட்டில் வசிப்பவர்கள் பங்கேற்க முடியாது" என்று ஒரு வரி இருக்கும்; சிலவற்றில் இந்தச் சட்டத்தின் பெயரையே குறிப்பிட்டிருப்பார்கள். பெரிய சட்டப் பிரிவு வைத்திருக்கும் நிறுவனங்கள் ஒரு மாநிலத்தையே விட்டுவிடுகின்றன என்றால் காரணம் இதுதான்.

ஊரில் எல்லாரும் செய்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் புகார் வரும் நாளில் அது பதிலாகாது. என் அனுபவத்தில் இத்தகைய புகார்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன: பரிசு கிடைக்காமல் போன வாடிக்கையாளர், அதே தெருவில் இருக்கும் போட்டிக் கடை. முதலாமவர் ஏற்கனவே உங்களிடம் வந்துவிட்டார்.

காரைக்காலுக்குப் போனால்?

காரைக்கால் காவிரியின் கடைமடையில் இருந்தாலும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. எனவே 1979ஆம் ஆண்டுச் சட்டம் அங்கே செல்லாது. இந்த அளவில் உங்கள் எண்ணம் சரி. ஆனால் சட்டம் பார்ப்பது குலுக்கல் பெட்டி எந்த ஊரில் வைக்கப்பட்டது என்பதை மட்டுமல்ல. யார் எங்கே பொருள் வாங்கி அந்த வாய்ப்பைப் பெற்றார் என்பதையும்தான். மயிலாடுதுறைக் கடையில் பில்லோடு கூப்பனைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் பெட்டியை மட்டும் காரைக்காலுக்கு ஏற்றிச் செல்வதால் திட்டம் தமிழ்நாட்டை விட்டு வெளியேறிவிடாது.

சரி, காரைக்கால் கிளையில் மட்டும் தனியாக நடத்தினால்? அங்கும் இரண்டு மத்தியச் சட்டங்கள் காத்திருக்கின்றன. 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 297ஆம் பிரிவு, அரசு நடத்தாத அல்லது அரசு அனுமதி பெறாத லாட்டரிக்காக இடம் வைத்திருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. அதை விளம்பரப்படுத்துபவருக்கு ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு. லாட்டரியா இல்லையா என்பதை நீதிமன்றங்கள் மூன்று கூறுகளை வைத்துப் பார்க்கின்றன: பரிசு, அதிர்ஷ்டம், பங்கேற்பதற்காகக் கொடுத்த விலை. துணியின் விலைக்குள் அந்த மூன்றாவது கூறு ஒளிந்திருக்கிறது என்று வாதிட எதிர்த்தரப்புக்கு எப்போதும் இடமுண்டு.

இரண்டாவது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. அதன் 2(47) பிரிவு முறையற்ற வணிகச் செயல்களைப் பட்டியலிடுகிறது. விற்பனையைப் பெருக்குவதற்காக நடத்தப்படும் போட்டியும் லாட்டரியும் அதிர்ஷ்ட விளையாட்டும், விதிகள் அனுமதித்தவை நீங்கலாக, அந்தப் பட்டியலில் இருக்கின்றன. தருவதாகச் சொன்ன பரிசைத் தரும் எண்ணமே இல்லாமல் அறிவிப்பதும், திட்டம் முடிந்தபின் முடிவைப் பங்கேற்றவர்களுக்குத் தெரிவிக்காமல் இருப்பதும் அதே பட்டியலில் தனித்தனியாக வருகின்றன. தேதி போடாத கூப்பன் இந்த இரண்டு சந்தேகங்களையும் ஒருசேரக் கிளப்பிவிடும். "பின்னர் அறிவிக்கப்படும்" என்ற வரியைப் படிக்கும் நுகர்வோர் ஆணைய உறுப்பினர் முதலில் கேட்கப்போவது, குலுக்கல் உண்மையில் நடந்ததா என்பதைத்தான்.

ஸ்கிராட்ச் கார்டில் "எல்லோருக்கும் பரிசு" என்றால்?

பல கடைக்காரர்கள் நம்பும் ஒரு வழி இது. வெறும் கார்டு எதுவும் இல்லை, சுரண்டினால் குறைந்தது ஐம்பது ரூபாயாவது உண்டு, எனவே இது லாட்டரி ஆகாது என்பார்கள். ஒருவருக்கு ஐம்பது, இன்னொருவருக்கு ஐயாயிரம், அதைத் தீர்மானிப்பது கார்டுக்கு அடியில் மறைந்திருக்கும் எண் என்றால், அதிர்ஷ்டத்தால் பரிசு தீர்மானிக்கப்படுகிறது என்பது மாறவில்லை. 1979ஆம் ஆண்டுச் சட்டத்தில் "வேறு எந்த வழியிலோ" என்று இருப்பது இதற்கும் சேர்த்துத்தான்.

ஸ்கிராட்ச் கார்டை விடவே மனமில்லை என்றால் எல்லாக் கார்டிலும் ஒரே தொகையை வையுங்கள். அந்தத் தொகையைக் கடை வாசலிலேயே எழுதியும் வையுங்கள். அதன்பின் சுரண்டுவதில் என்ன சுவாரசியம் என்று கேட்பீர்கள். உண்மைதான். அதனால் அந்தச் செலவையே விட்டுவிட்டு, பில் தொகைக்கு ஏற்ற நிச்சயப் பரிசாக மாற்றிவிடுங்கள் என்பது என் கருத்து. உதாரணமாக, "ரூ. 3,000 முதல் ரூ. 4,999 வரையான ஒவ்வொரு பில்லுக்கும் ரூ. 150 மதிப்புள்ள அடுத்த கொள்முதல் கூப்பன். 2027 ஜனவரி 31 வரை இரு கிளைகளிலும் செல்லும். ஒரு பில்லுக்கு ஒரு கூப்பன். பணமாக மாற்ற இயலாது." இதில் அதிர்ஷ்டமே இல்லை, மூவாயிரத்துக்கு வாங்கும் யாரும் அதைப் பெறுவார். ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். கூப்பன் தொகையைத் துணியின் விலையில் முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு இலவசம் என்று சொல்வதையும் அதே 2(47) பிரிவு முறையற்ற வணிகம் என்கிறது. ஐப்பசியில் ஒட்டிய விலைச்சீட்டும் புரட்டாசியில் அதே சேலைக்குப் போட்ட பில்லும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

குலுக்கலே வேண்டும் என்றால்

கொள்முதலோடு உள்ள முடிச்சை அவிழ்த்துவிடுங்கள். பொருள் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கடைக்கு வரும் எவருக்கும் ஒரு கூப்பன் இலவசம் என்று ஆக்கினால் 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின் வரையறையிலிருந்து வெளியே நிற்பதாக வாதிடலாம். விலை என்ற கூறும் இல்லாமல் போகிறது. நுகர்வோர் சட்டத்தின் அதிர்ஷ்ட விளையாட்டு வாசகம் அப்போதும் தலைக்கு மேலேயே இருக்கும் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆபத்து பெருமளவு குறையும், அறவே தீராது. முழு நிம்மதி வேண்டும் என்றால் நிச்சயப் பரிசோடு நின்றுவிடுவதே வழி.

இலவசம் என்பது அட்டையில் மட்டுமல்லாமல் கடையிலும் உண்மையாக இருக்க வேண்டும். அது உண்மையா என்பதைக் கண்டுபிடிக்க விசாரணைக்கு வருபவர் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வெறுங்கையோடு கடைக்குள் வந்து கூப்பன் கேட்டாலே போதும். "பில் போட்டுவிட்டு வாங்க" என்று பணியாள் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. எனவே கூப்பன் புத்தகம் கல்லாப்பெட்டி அருகே இருக்கக் கூடாது. வாசலில் ஒரு மேசையில் இருக்கட்டும். அடிக்கட்டையில் பில் எண்ணுக்கு இடம் விடாதீர்கள். பத்தாயிரத்துக்கு வாங்கியவருக்குப் பத்துக் கூப்பன் என்ற பேச்சே வேண்டாம், ஒருவருக்கு ஒன்றுதான்.

பரிசைப் பற்றியும் ஒரு யோசனை. குலுக்கலில் கிடைக்கும் பரிசின் மதிப்பு பத்தாயிரம் ரூபாயைத் தாண்டினால் 30 சதவீதம் வருமான வரிப் பிடித்தம் உண்டு. பரிசு பொருளாக இருந்தால், வரி கட்டப்பட்டதை உறுதி செய்த பிறகுதான் பொருளை ஒப்படைக்க வேண்டும். அந்தப் பொறுப்பு பரிசு தருபவருடையது. உங்கள் ஸ்கூட்டரின் விலை 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வரி 27,000. குத்தாலம் பக்கத்தில் நடவு வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு அது விழுகிறது. வண்டியை எடுக்க 27,000 ரூபாய் கொண்டுவாருங்கள், பதிவுக்கும் சாலை வரிக்கும் காப்பீட்டுக்கும் தனியாகக் கொண்டுவாருங்கள் என்று சொல்வீர்களா? சொன்னால், கூப்பனில் இதெல்லாம் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வி நியாயமானது. வரியையும் கடையே ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் அப்போது ஏற்றுக்கொண்ட தொகையையும் எப்படிக் கணக்கில் காட்டுவது என்று ஆடிட்டரிடம் கேட்க வேண்டிவரும்.

அதே 90,000 ரூபாயில் ஒன்பதாயிரம் ரூபாய் மதிப்புள்ள பத்து வெட் கிரைண்டர்கள் கொடுங்கள். ஒவ்வொன்றும் வரம்புக்குள் நிற்கும்; பத்துக் குடும்பங்கள் மகிழ்ச்சியாகப் போகும். தங்க நாணயம் என்று மாற்ற நினைத்தால் யோசித்துச் செய்யுங்கள். இன்று தங்கம் விற்கும் விலையில் ஒரு கிராமே அந்த வரம்பைத் தொட்டுவிடலாம். குலுக்கல் அறிவிக்கும் நாளில் ஒரு விலை, கொடுக்கும் நாளில் வேறு விலை என்ற தலைவலியும் சேரும்.

கூப்பனில் அச்சிட வேண்டியது

இலவசக் குலுக்கல் என்று முடிவெடுத்தால் கீழுள்ள வாசகத்தைப் பயன்படுத்தலாம். முன்பக்கத்தில் "இலவசம்" என்பது எந்த எழுத்தில் இருக்கிறதோ அதே எழுத்திலும் தமிழிலும் நிபந்தனைகளையும் அச்சிடுங்கள். தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க 2022இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், விளம்பரம் எந்த மொழியிலோ அதே மொழியில், கண்ணில் படும் இடத்தில் நிபந்தனை இருக்க வேண்டும் என்கின்றன. நோட்டீசும் பில்லும்கூட நுகர்வோர் சட்டத்தில் விளம்பரம்தான். பின்பக்கத்தில் ஆங்கிலத்தில் எறும்பு வரிசையாக ஓடும் எழுத்து இனி உதவாது.

> தீபாவளி இலவசக் குலுக்கல் – கூப்பன் எண்: ______
>
> இந்தக் கூப்பனைப் பெற எந்தப் பொருளும் வாங்க வேண்டியதில்லை. 18 வயது நிரம்பிய எவரும் ஒருவருக்கு ஒன்று வீதம் கடை வாசலில் இலவசமாகப் பெறலாம். கடையின் உரிமையாளர், பணியாளர், அவர்களின் குடும்பத்தினர் பங்கேற்க முடியாது.
>
> கூப்பன் வழங்கும் நாட்கள்: 2026 அக்டோபர் 15, வியாழன் முதல் நவம்பர் 7, சனி இரவு 9 மணி வரை.
>
> குலுக்கல்: 2026 நவம்பர் 15, ஞாயிறு காலை 11 மணி, மயிலாடுதுறைக் கடை வாசலில், பொதுமக்கள் முன்னிலையில். புயல், வெள்ளம் அல்லது அரசு உத்தரவால் நடத்த இயலாவிட்டால் நவம்பர் 22, ஞாயிறு அதே நேரத்தில் அதே இடத்தில் நடைபெறும்.
>
> பரிசுகள்: இரண்டு லிட்டர் டேபிள்டாப் வெட் கிரைண்டர் (நிறுவனம், மாடல்: ______, மதிப்பு ரூ. 9,000) – 10 பேருக்கு. ஒருவருக்கு ஒரு பரிசு மட்டும். பணமாக மாற்றித் தரப்படாது. அறிவித்த மாடல் கிடைக்காவிட்டால் அதற்குக் குறையாத மதிப்புள்ள வேறு மாடல் தரப்படும். அதன் மதிப்பும் ரூ. 10,000ஐத் தாண்டாது.
>
> முடிவு: குலுக்கல் நாளன்று மாலை 6 மணிக்குள் இரு கிளைகளின் வாசலிலும் ஒட்டப்பட்டு, 2027 ஜனவரி 31 வரை வைக்கப்படும். பரிசு பெற்றவர்களுக்குத் தொலைபேசியிலும் அஞ்சல் அட்டையிலும் தெரிவிக்கப்படும்.
>
> பரிசு பெறும் கெடு: 2027 ஜனவரி 31, ஞாயிறு மாலை 6 மணி. இரு கிளைகளில் எதில் வேண்டுமானாலும் நேரில் பெறலாம். கூப்பனும் புகைப்பட அடையாள அட்டையும் தேவை. கூப்பன் தொலைந்திருந்தால், அடிக்கட்டையில் உள்ள பெயரும் தொலைபேசி எண்ணும் அடையாள அட்டையோடு பொருந்தினால் பரிசு தரப்படும். வர இயலாதவர் கையெழுத்திட்ட கடிதத்தோடு குடும்பத்தினரை அனுப்பலாம்.
>
> கெடுவுக்குள் பெறாத பரிசு, குலுக்கலின்போதே எடுக்கப்பட்ட மாற்று எண்களுக்கு வரிசைப்படி வழங்கப்படும். அவர்களுக்கான கெடு 2027 பிப்ரவரி 28, ஞாயிறு மாலை 6 மணி.
>
> பெயர், முகவரி, தொலைபேசி எண் இந்தக் குலுக்கலுக்கு மட்டுமே பயன்படுத்தப்படும்.

இவற்றில் சிலவற்றுக்குக் காரணம் சொல்ல வேண்டும். தேதியோடு கிழமையும் நேரமும் இருக்க வேண்டும், "15.11 அன்று" என்று மட்டும் போட்டால் ஆண்டு இல்லை என்பதையே ஒருவர் பிடித்துக்கொள்வார். மாற்றுத் தேதியை முன்கூட்டியே அச்சிடச் சொல்வது நம் ஊரின் நவம்பரை நினைத்துத்தான். 2018இல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது நவம்பர் 16ஆம் தேதி. அந்த வாரத்தில் குலுக்கல் வைத்திருந்த ஒரு கடை, தேதியைத் தள்ளிவைத்ததை யாருக்கும் சரியாகத் தெரிவிக்க வழியில்லாமல் தவித்திருக்கும். கூப்பனிலேயே இரண்டாம் தேதி இருந்தால் தள்ளிவைப்பதில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை, வாடிக்கையாளரும் நம்புவார். இரண்டாவது முறை தள்ளிவைக்கும் உரிமையை உங்களுக்கு நீங்களே கொடுத்துக்கொள்ளாதீர்கள்.

கெடுவை ஏன் ஜனவரி கடைசி வரை நீட்டினேன் என்பதும் இதைப் போன்றதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிராமத்திலிருந்து டவுனுக்கு வருவது குறைவு. சம்பா அறுவடை தொடங்கிப் பொங்கலுக்குத் துணி எடுக்க வரும்போதுதான் பலர் மறுபடி உங்கள் கடைப் படியை மிதிப்பார்கள். முப்பது நாள் கெடு டவுனில் வசிப்பவருக்குப் போதும். வயல்காட்டில் இருப்பவருக்கு அது அநேகமாகப் பரிசை மறுப்பதற்குச் சமம். உங்கள் மிக்சி விவகாரமே அதற்குச் சாட்சி.

"நிர்வாகத்தின் முடிவே இறுதியானது" என்ற வரியை எடுத்துவிட்டேன். அதை எழுதுவதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவை மூட முடியாது. அதைக் காட்டி வாடிக்கையாளரை மிரட்டலாம் என்பதைத் தவிர வேறு பயனில்லை; உங்களுக்கு அது வேண்டாம். "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்பதும் அப்படித்தான். எந்த நிபந்தனை என்று கூப்பனில் இல்லாவிட்டால் நிபந்தனையே இல்லை என்றுதான் அது வாடிக்கையாளருக்குச் சாதகமாகப் படிக்கப்படும்.

குலுக்கல் நாளில்

அச்சிட்ட கூப்பன்களுக்கு வரிசை எண் இருக்கட்டும். எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை வழங்கப்பட்டது, எத்தனை மீந்தது என்பதை நவம்பர் 7 இரவே எழுதிப் பெட்டியைச் சீல் வையுங்கள். குலுக்கலன்று கூடியிருப்பவர்களில் கடைக்குச் சம்பந்தமில்லாத மூவரைச் சீலைச் சரிபார்க்கச் சொல்லி, ஒரு குழந்தையை விட்டுச் சீட்டு எடுக்கச் சொல்லுங்கள். பத்துப் பரிசு எண்கள், பிறகு இருபது மாற்று எண்கள். எடுத்த வரிசையிலேயே ஒரு தாளில் எழுதி அந்த மூவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். முழுவதையும் வெட்டாமல் ஒரே காணொளியாகப் பதிவு செய்யுங்கள்.

திட்டத்தை நாளிதழில் விளம்பரம் செய்திருந்தால் முடிவையும் அதே நாளிதழில் நியாயமான காலத்துக்குள் பளிச்சென்று வெளியிடுங்கள். முடிவைத் தெரிவித்ததாகச் சட்டம் ஏற்றுக்கொள்ளும் முறை அதுதான். நோட்டீசும் ஒலிபெருக்கி ஆட்டோவும் மட்டும் என்றால், ஆட்டோ சுற்றிய அதே ஊர்களில் முடிவையும் சொல்லிவரச் செய்யுங்கள். நுகர்வோர் புகார் கொடுக்க இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதுவரை அடிக்கட்டைகளையும் காணொளியையும் பரிசு பெற்ற ரசீதுகளையும் எறிந்துவிடாதீர்கள்.

அந்த மிக்சி

இதைக் கடைசியில் எழுதுகிறேன் என்றாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். கூப்பனில் கெடு இல்லை. கடைப் பலகையில் எழுதியதைச் செம்பனார்கோவில் பக்கத்தில் இருக்கும் ஒருவர் படித்திருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. அவர் வந்தது குலுக்கல் முடிந்து சில மாதங்களில். அது அளவுக்கு மீறிய தாமதமும் அல்ல. மாவட்ட ஆணையத்துக்குப் போனால் உங்கள் பக்கம் சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. தம் ஊர் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த ஆணையத்திலேயே அவர் புகார் கொடுக்கலாம். வழக்கறிஞர் வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயமும் அவருக்கு இல்லை.

இந்தக் கட்டுரையைப் படித்த பிறகு உங்களுக்கு ஒரு யோசனை தோன்றலாம்: திட்டமே சட்டவிரோதமானது, எனவே பரிசு கேட்க அவருக்கு உரிமை இல்லை என்று பதில் அனுப்பலாமே? தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அது நீங்களே கையெழுத்திட்டுக் கொடுக்கும் குற்ற ஒப்புதல். பரிசு என்று சொல்லி விற்றுவிட்டு, கேட்கும்போது சட்டத்தைக் காட்டுவதை ஆணையம் முறையற்ற வணிகத்தின் உச்சமாகத்தான் பார்க்கும். அதைவிட, உங்கள் அறிவிப்பை நம்பி வந்தவரை அப்படித் திருப்பி அனுப்புவது சரியல்ல.

அவருடைய வழக்கறிஞருக்கு உங்கள் வழக்கறிஞர் மூலம் பதில் அனுப்புங்கள்: அறிவித்த அதே மிக்சி தயாராக இருக்கிறது, விரும்பும் நாளில் வீட்டிலேயே கொண்டுவந்து தருகிறோம், வந்து போன பஸ் செலவையும் நோட்டீஸ் செலவையும் ஏற்கிறோம். அந்த மாடல் இப்போது வராவிட்டால் அதைவிடக் கூடுதல் மதிப்புள்ளதைக் கொடுங்கள். ஒப்படைக்கும்போது கூப்பன் எண், பொருளின் மாடல், வரிசை எண், தேதி ஆகியவற்றோடு தமிழில் ரசீது எழுதி, அவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டபின் ஒரு நகலை அவரிடம் கொடுங்கள். பொங்கலுக்கு வாங்கி வைத்த மிக்சியாக இருந்தால் உத்தரவாத அட்டையைக் கவனியுங்கள். காலம் உங்கள் கொள்முதல் தேதியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும். ஒப்படைக்கும் நாளிலிருந்து உத்தரவாதம் தொடங்கும்படி விற்பனையாளரிடம் எழுதி வாங்கிக்கொண்ட பிறகு புறப்படுங்கள்.